பாம்பனில் ஒற்றை நாற்காலி சலூன்: விடுமுறை நாளை நோட்டுப் புத்தகம் பார்த்து முடிவு செய்த கதை

பாம்பனில் சலூன் வைத்திருக்கிறேன். ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்ச். உதவிக்கு ஆள் கிடையாது. முடி வெட்டுவதும் நான்தான், கூட்டுவதும் நான்தான், துண்டு துவைப்பதும் நான்தான். பல வருடம் காலை ஆறரைக்கு ஷட்டரைத் தூக்கினால் ராத்திரி பத்துக்குத்தான் இறக்குவேன். வாரத்தில் ஏழு நாளும் அப்படித்தான். வலது தோள்பட்டை வலியில் ராத்திரி தூக்கம் கெட ஆரம்பித்தது. கெண்டைக்காலில் நரம்பு புடைத்துக்கொண்டு தெரிந்தது. நிற்கிற நேரத்தைக் குறைத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்கு முன்னால் இறங்கிய நாளே கிடையாது. நாற்காலி காலியாக இருந்தால்கூட யாராவது வந்துவிடுவார்களோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவது வழக்கமாகிவிட்டது.

லீவு விட வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. எந்த நாள் விடுவது, எத்தனை மணிக்கு மூடுவது என்பதில்தான் பயம். ஊரில் வேறு சலூன்கள் இருக்கின்றன. ஒருவர் நம் கடை பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு அடுத்த கடையில் உட்கார்ந்து, அங்கே வேலை பிடித்துவிட்டால் அப்புறம் நம் பக்கம் திரும்ப மாட்டார். அந்தப் பயத்துக்கு ஒரே மருந்தாக எனக்குக் கிடைத்தது ஒரு நாற்பது பக்க நோட்டு.

நாலு வாரம் எழுதினேன். யார் வந்தார், எத்தனை மணிக்கு, சேவிங்கா, கட்டிங்கா, டையா, சின்னப் பிள்ளையா. கூட்டத்தைப் பார்த்துவிட்டு "அப்புறம் வர்றேண்ணே" என்று திரும்பியவருக்கு ஒரு பெருக்கல் குறி. இவ்வளவுதான். பெயர் தெரியாவிட்டால் 'படகுக்காரர்', 'டூரிஸ்ட்' என்று எழுதினேன். வேலைக்கு நடுவே எழுத நேரமில்லை என்று தோன்றும். துணியை உதறும் நேரத்தில் ஒரு வரி எழுதிவிடலாம்.

தமிழ்நாட்டில் பல ஊர்களில் சலூனுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. செவ்வாயன்று முடி வெட்டக் கூடாது என்ற நம்பிக்கையால் கூட்டம் குறையும், அதனால் அன்றைக்கே கடையைப் பூட்டிவிடுவார்கள். நானும் செவ்வாய்தான் வசதி என்று நினைத்திருந்தேன். நோட்டு வேறு மாதிரிச் சொன்னது. எங்கள் கரையில் நாளை நிர்ணயிப்பது கடல். பாக் நீரிணையில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள்தான் தொழிலுக்குப் போகும். காலையில் மீன்துறையில் அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு போனால் மறுநாள் காலையில் கரை திரும்பும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. அப்படியானால் செவ்வாய் காலையில் விசைப்படகு ஆட்கள் கரையில் இருப்பார்கள். மீன் எடை போட்டு, பங்கு பிரித்து, தூங்கி எழுந்து சாயங்காலம் கையில் காசோடு வருவார்கள். என் நோட்டில் செவ்வாய் சாயங்காலம் ஞாயிற்றுக்கு அடுத்த பெரிய கூட்டம். இங்கே கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் நிறைய இருப்பதால் செவ்வாய் பார்ப்பவர்களும் குறைவு. ஊர் வழக்கம் என்று செவ்வாயைப் பூட்டியிருந்தால் நல்ல வருமானத்தைப் பூட்டியிருப்பேன்.

திங்கள்தான் காலியாக இருந்தது. விசைப்படகுகள் கடலில். முடி வெட்ட நினைத்த மற்றவர்கள் ஞாயிறே வெட்டிக்கொண்டார்கள். திங்களன்று வந்தவர்கள் யார் யார் என்று தனியாகப் பிரித்துப் பார்த்தேன். காலை ஏழிலிருந்து எட்டரைக்குள் ஆபீஸ், பள்ளிக்கூடம் போகிறவர்கள் சேவிங்குக்கு. அப்புறம் அன்றைக்குக் கரையில் இருக்கிற நாட்டுப்படகுக்காரர்கள் சிலர். மத்தியானத்துக்கு மேல் ஒன்றிரண்டு பேர். நாட்டுப்படகுக்காரர்களுக்குப் புதனும் கரைநாள் என்பதால் அவர்களைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. காலை சேவிங் ஆட்கள்தான் கேள்வி.

கட்டிங் வாடிக்கையாளரையும் சேவிங் வாடிக்கையாளரையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்த்தால் முடிவு தப்பாகப் போகும். கட்டிங் ஆள் மாதம் ஒரு தடவை வருகிறவர். திங்கள் பூட்டியிருந்தால் செவ்வாயோ புதனோ வருவார், ஒரு நாளில் முடி ஒன்றும் ஆகிவிடாது. அவர் முப்பது நாளில் எந்த நாளை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சேவிங் ஆள் மூன்று நாள், நாலு நாளுக்கு ஒருமுறை வருகிறவர். அவருக்கு இன்று தேவை என்றால் இன்றுதான் தேவை. பூட்டிய கடை முன்னால் நின்றால் நேராக அடுத்த கடைக்குத்தான் போவார். கடை நேரத்தை மாற்றும்போது காப்பாற்ற வேண்டியது இந்தச் சேவிங் ஆட்களின் நேரத்தை. கட்டிங் தானாக இடம் மாறிக்கொள்ளும்.

அதனால் திங்கள் காலை சேவிங் ஆட்கள் ஒவ்வொருவரிடமும் நேரில் பேசினேன். போர்டு எழுதி மாட்டுவதற்கு மூன்று வாரம் முன்பே, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது, கண்ணாடி வழியாக முகத்தைப் பார்த்துச் சொன்னேன். பக்கத்து ஊரான மண்டபத்தில் வேலை பார்க்கும் ஒரு ஆசிரியர், "எனக்கு ஞாயிறு பூசைக்கு முன்னாடியே முடிச்சு விட்டுரு தம்பி, அது திங்களுக்கும் தாங்கும்" என்றார். பெரும்பாலானவர்கள் ஞாயிறுக்கு மாறினார்கள். சிலர் வீட்டிலேயே ரேசர் போட்டுக்கொண்டு கட்டிங்குக்கு மட்டும் வருகிறார்கள். அது நஷ்டம்தான். ஆனால் கட்டிங் என்னிடம் இருக்கிறது.

இப்போது நேரம் இப்படி: திங்கள் முழு விடுமுறை. ஞாயிறு காலை ஆறரை முதல் மத்தியானம் இரண்டு வரை. மற்ற நாட்கள் காலை ஆறரை முதல் ஒரு மணி வரை, சாயங்காலம் நாலரை முதல் ஒன்பது வரை. ஞாயிறு மத்தியானத்தைத் திங்களோடு ஒட்ட வைத்ததற்குக் காரணம் உண்டு. ஞாயிறு பத்து மணி வரை நின்றுவிட்டுத் திங்கள் லீவு விட்டால், திங்கள் முழுக்க ஞாயிற்றின் களைப்பில் படுத்தே போய்விடும். ஞாயிறு இரண்டிலிருந்து செவ்வாய் காலை ஆறரை வரை சுமார் நாற்பது மணி நேரம் சேர்ந்தாற்போலக் கிடைக்கிறது. தோள்பட்டைக்கு அந்த நீளம்தான் பலன் தந்தது. வாரத்தில் இரண்டு அரை நாளாகப் பிரித்து முதலில் யோசித்திருந்தேன். ஆனால் அரை நாள் லீவில் மளிகை வாங்குவதும் பிளேடு, கிரீம் வாங்க ராமநாதபுரம் போய்வருவதுமே சரியாக இருக்கும்.

மத்தியானம் ஒன்று முதல் நாலரை வரை மூடுவதில் நஷ்டம் மிகக் குறைவு. நோட்டில் அந்த நேரத்தில் வந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அவர்களிலும் பாதிப் பேர் ஃபேனுக்கும் பேப்பருக்கும் வந்தவர்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. வெயிலில் மனிதன் எங்கே போவான்? ஆனால் அந்த நேரத்தில் நான் சாப்பிட்டுக் காலை நீட்டிப் படுக்க வேண்டும்.

அடைக்கும் நேரம் விஷயத்தில் போர்டில் ஒன்பது என்று எழுதிவிட்டால் ஒன்பதுக்கு வேலை முடிந்துவிடாது. எட்டு ஐம்பதுக்கு ஒருவர் டை அடிக்க உட்கார்ந்தால் என்ன ஆகும்? கலக்கி, பூசி, ஊறவிட்டு, அலசித் துடைக்க முக்கால் மணி நேரம். அப்புறம் கூட்டி, சீப்பையும் கத்தரியையும் கழுவி, பழைய பிளேடுகளை டப்பாவில் போட்டு, துண்டை ஊறப்போட இன்னும் அரை மணி. பத்து தாண்டிவிடும். அதனால் மூடும் நேரத்தை விட்டுவிட்டு, கடைசியாக உட்காரும் நேரத்தை வேலைவாரியாக வைத்தேன். டைக்குக் கடைசி ஏழே முக்கால். கட்டிங்குக்கு எட்டு. சேவிங்குக்கு எட்டே கால். எட்டரைக்குள் கத்தி கீழே இறங்கிவிடும், ஒன்பதுக்குப் பூட்டு. போர்டில் 'ஒன்பது மணி வரை' என்ற வரியே கிடையாது. 'கட்டிங் இரவு 8 வரை, சேவிங் 8.15 வரை' என்றுதான் இருக்கிறது.

இன்னொன்று, எட்டே காலுக்கு வாசல் போர்டு லைட்டை அணைத்துவிடுவேன். முன்பெல்லாம் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக் கூட்டுவது வழக்கம். பாதி ஷட்டரைப் பார்த்தால் நம் ஆட்கள் குனிந்து உள்ளே வந்து, "ஒரு ரெண்டு நிமிஷம்ணே, மீசை மட்டும்" என்பார்கள். மீசையில் தொடங்கி முகம் முழுக்கப் போகும். லைட் அணைந்திருந்தால் பாதிப்பேர் தூரத்திலேயே புரிந்துகொண்டு நாளைக்கு வருகிறார்கள். சொல்லி அனுப்புவதைவிட இது இரண்டு பேருக்கும் மரியாதை.

ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய சோதனை. திங்கள் ஆட்களும் சேர்ந்து, சனிக்கிழமை கடலுக்குப் போன விசைப்படகுகளும் கரை வந்து, பூசை முடிந்த கூட்டமும் சேர்ந்தால் பெஞ்சில் இடமிருக்காது. இரண்டு மணிக்கு மூடுவேன் என்று சொல்லிவிட்டு ஐந்து மணி வரை நின்றால் விடுமுறை காகிதத்தில்தான் இருக்கும். அதனால் டோக்கன் போட்டேன். காலை ஆறரை முதல் இரண்டு வரை ஏழரை மணி நேரம். இட்லிக்கும் டீக்கும் அரை மணி போனால் ஏழு மணி நேரம், அதாவது 420 நிமிடம். கட்டிங் அரை மணி, சேவிங் கால் மணி, சின்னப் பிள்ளை அழுதால் அதற்கு மேல். கலந்து பார்த்தால் ஒரு ஆளுக்கு சராசரி 25 நிமிடம், துணி உதறுவதும் பிளேடு மாற்றுவதும் சேர்த்து. 420-ஐ 25-ஆல் வகுத்தால் பதினாறு, பதினேழு வரும். பதினாறு டோக்கன் அட்டை வெட்டி ஆணியில் மாட்டினேன். வந்தவர் ஒன்றை எடுத்துக்கொண்டு டீக்கடைக்கோ கோயிலுக்கோ போய்வரலாம். ஒரு ஆளுக்கு 25 நிமிடம் என்று தெரிந்ததால் அவரே நேரத்தைக் கணக்குப் போட்டு வருகிறார், பெஞ்சில் முனகல் குறைந்தது.

பதினாறு தீர்ந்த பிறகு வருகிறவரைச் சும்மா அனுப்பக் கூடாது. செவ்வாய் காலை முதல் ஐந்து இடத்துக்கு வேறு நிற அட்டை வைத்திருக்கிறேன். "அண்ணே, செவ்வாய் ஆறரைக்கு நீங்கதான் முதல் ஆள், இந்தாங்க" என்று கையில் கொடுத்தால், வெறும் வாய்ப்பேச்சைவிட அந்த அட்டைக்கு மதிப்பு அதிகம். வாங்கியவர்களில் பெரும்பாலோர் வந்துவிடுகிறார்கள்.

டையும் ஃபேட் கட்டிங்கும் ஞாயிறு கிடையாது. இரண்டும் ஒரு டோக்கனில் இரண்டு ஆள் நேரத்தைத் தின்றுவிடும். இதில் சில இளவட்டங்களை இழந்தேன். ராத்திரி ஒன்பதுக்கு மேல் வந்து ஃபேட் வெட்டிக்கொண்டு கதையடித்துக்கொண்டிருந்த கூட்டம் அது. அவர்கள் ராத்திரி திறந்திருக்கும் கடைக்குப் போய்விட்டார்கள். நல்ல பையன்கள், வருத்தம்தான். ஆனால் அவர்களைத் தக்கவைக்கப் பத்தரை வரை நிற்க வேண்டும். அது என் காலால் முடியாது.

புது நேரம் வந்த முதல் மாதத்தில் வருமானத்தைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம், சந்தோஷப்படவும் வேண்டாம். சேவிங் ஆள் இரண்டு வாரம் கண்ணில் படவில்லை என்றால் போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். கட்டிங் ஆள் போனாரா இல்லையா என்பது அவருடைய இரண்டு சுற்று கடந்தால்தான் தெரியும், அதாவது இரண்டு, இரண்டரை மாதம். நோட்டில் பழைய பெயர்களுக்கு எதிரே டிக் போட்டுக்கொண்டே வந்தேன். இன்னொரு விஷயம், இந்த மாதங்களில் ரேட்டைத் தொடவே கூடாது. நேரத்தையும் ரேட்டையும் ஒன்றாக மாற்றினால் ஒருவர் வராமல் போனது எதனால் என்று கண்டுபிடிக்க வழியில்லை. நேரம் ஊருக்குப் பழகிய பிறகுதான் நான் கட்டிங் ரேட்டை ஏற்றினேன். திங்கள் வருமானத்தில் திரும்பி வராத பகுதி அதில் ஈடாகிவிட்டது.

விடுமுறையை உறுதியாக்கியது ஐப்பசி கடைசியில் வந்த ஒரு திங்கள். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தார்கள். படகுகளுக்கு டோக்கன் கொடுக்கவில்லை, எல்லாம் நங்கூரத்தில். கடலில் இருக்க வேண்டிய ஆட்கள் முழுக்க ஊருக்குள். காலை எட்டு மணிக்கு ஒரு படகு டிரைவர் போன் செய்தார். "அண்ணே, கடை தொறக்கலையா? எல்லாரும் கரையிலதான் கெடக்கோம், நாலு பேரு வாசல்ல நிக்கிறோம்." நாலு பேர் என்றால் நல்ல காசு. வீட்டிலிருந்து கடைக்கு ஐந்து நிமிட நடைதான். "தம்பி, இன்னைக்கு லீவு. நாளைக்கு ஆறரைக்கு வாங்க, உங்க நாலு பேரையும் வரிசையா முடிச்சு விடுறேன்" என்றேன். ஒரு நொடி பேச்சில்லை. "சரிண்ணே" என்று வைத்துவிட்டார். மறுநாள் நாலில் மூன்று பேர் வந்தார்கள். அன்றைக்கு நான் திறந்திருந்தால் கூண்டு ஏறும் ஒவ்வொரு திங்களும், மீனவர் வேலைநிறுத்தம் நடக்கும் ஒவ்வொரு திங்களும் எனக்குப் போன் வந்திருக்கும். எங்கள் கரையில் அப்படிப்பட்ட நாட்களுக்குப் பஞ்சமே இல்லை.

போனைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் அப்பா வீடு வீடாகப் போய் வேலை பார்த்தவர். கூப்பிட்டால் போக வேண்டும், நேரம் காலம் கேட்கக் கூடாது என்பது அவர் காலத்துக் கட்டாயம். சலூன் கடை வைத்த பிறகும் ஊரில் சிலருக்கு அந்த நினைப்பு போகவில்லை. போர்டில் நேரம் எழுதி மாட்டியதை ஒருவர், "ஆபீஸர் ஆயிட்டீகளோ" என்று கேட்டார். நான் கோபப்படவில்லை. ஆனால் போர்டைக் கழற்றவும் இல்லை. டாக்டருக்கும் மெக்கானிக்குக்கும் நேரம் இருக்கிற ஊரில் முடி வெட்டுகிறவனுக்கும் நேரம் இருக்கலாம். விதிவிலக்கு எதற்கு என்பதை நானே எழுதி வைத்திருக்கிறேன். துக்க வீட்டுக்கு எந்த நாளும் போவேன். மாப்பிள்ளை அலங்காரத்துக்கு ஒரு வாரம் முன்பே சொன்னால் திங்களாக இருந்தாலும் போவேன், ரேட் தனி. படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களுக்கு வீட்டில் சேவிங் புதன் மத்தியானம் மட்டும். மற்றதெல்லாம் கடையில், கடை நேரத்தில்.

திருவிழாக் காலத்தில் இந்த ஒழுங்கு அப்படியே நிற்காது. கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பொங்கல், தீபாவளி, நோன்புப் பெருநாள், கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா, இவற்றுக்கு முந்தைய வாரத் திங்கள் மட்டும் திறப்பேன். திறந்த திங்களுக்குப் பதில் நாளைத் திருவிழாவுக்கு மறுநாளே எடுத்துவிடுவேன். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் அது வரவே வராது. பக்ரீத்துக்குக் கணக்கு வேறு. குர்பானி கொடுக்கிறவர்களில் பலர் துல்ஹஜ் பிறை பார்த்ததிலிருந்து குர்பானி முடியும் வரை முடியும் நகமும் வெட்ட மாட்டார்கள். ஆகவே கூட்டம் பிறைக்கு முந்தைய இரண்டு மூன்று நாளில் வரும், பெருநாளுக்கு முந்தைய நாள் வழக்கத்தைவிடக் குறைவாக இருக்கும். கீழக்கரைப் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, திங்களுக்கும் செவ்வாய்க்கும் வித்தியாசம் இருக்காது. அப்போதும் திங்களையே விடுமுறையாக வைத்திருக்கிறேன். ஊர் பழகிய நாளை இரண்டு மாதத்துக்காக மாற்றினால் ஜூன் பாதியில் மறுபடி பழக்க வேண்டும். அந்த மாதங்களில் ஆட்கள் கரையில் இருப்பார்கள், கையில் காசு இருக்காது. கடன் சொல்லுபவர்களுக்கு நோட்டில் தனிப் பக்கம். படகு போன பிறகு தந்துவிடுவார்கள்.

நீண்ட லீவுக்கு நான் பார்த்து வைத்திருப்பது கார்த்திகை. ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் விரதம் முடியும் வரை முடி வெட்டுவதில்லை, சேவிங்கும் செய்வதில்லை. மழையும் சேர்ந்துகொள்ளும். டிசம்பர் பாதியில் கிறிஸ்துமஸ் கூட்டம் தொடங்கிவிடும். ஆக நவம்பர் கடைசி வாரமோ டிசம்பர் முதல் வாரமோ ஒரு வாரம் பூட்டினால் நஷ்டம் வருடத்திலேயே குறைவு. தேதியை ஒரு மாதம் முன்பே போர்டில் எழுதிவிடுவேன். பூட்டுவதற்கு முந்தைய ஞாயிறு மட்டும் டோக்கன் இருபது, அன்றைக்கு நாலு மணி வரை.